என் நாலு ஸ்டார் ரிவ்யூவ தூக்கினவங்களுக்கு ஒரு திறந்த மடல்

புக்கிங் தளத்தோட ரிவ்யூ பிரிவுல உக்காந்திருக்கறவங்களுக்கு,

ஒரு ஹோம்ஸ்டே பத்தி நான் எழுதின ரிவ்யூவ நீங்க தூக்கிட்டீங்க. காரணம்னு வந்தது ஒரே ஒரு வரி, "எங்கள் உள்ளடக்கக் கொள்கைக்குப் பொருந்தவில்லை". எந்தக் கொள்கை, நான் எழுதினதுல எந்த வரி பொருந்தலனு கேட்டு பதில் போட்டேன், அச்சு அசலா அதே வரி திரும்பி வந்துச்சு, கீழ கையெழுத்து போட்டவங்க பேர் மட்டும் மாறியிருந்துச்சு. தனியா கேட்டு பிரயோஜனம் இல்லனு ஆனதாலதான் நாலு பேர் பாக்கற இடத்துல எழுதறேன். உங்க தளத்தோட பேரயோ அந்த வீட்டோட பேரயோ இங்க போடல, யார்கிட்ட பேசறேன்னு உங்களுக்கு நல்லாவே தெரியும்.

நீங்க எடுத்த ரிவ்யூ இதுதான். ஒரு எழுத்து கூட மாத்தாம போடறேன், படிக்கறவங்களே சொல்லட்டும்.

"வீடு நல்ல சுத்தம், பெட்ஷீட், தலகாணி உறை எல்லாம் அப்பதான் துவைச்சது. ஹோஸ்ட் குடும்பம் அதே வீட்லதான் இருக்காங்க, ஹால் பொது. எதுக்கு கூப்பிட்டாலும் உடனே வந்தாங்க. லிஸ்டிங்ல 24 மணி நேரமும் சுடுதண்ணினு போட்டிருக்கு, ஆனா கெஸ்ட் பாத்ரூம்ல இருக்கறது 15 லிட்டர் கீசர். ஒருத்தர் ஷவர்ல குளிச்சா அடுத்தவர் சுமார் 20 நிமிஷம் காத்திருக்கணும். ரெண்டு பேர்னா சமாளிச்சுடலாம், நாலு பேரா காலைல சீக்கிரம் கிளம்பணும்னா கஷ்டம். வந்த அன்னிக்கு சாயங்காலமே சொன்னேன், அவங்க மறுக்கல, மறுநாள் காலைல அவங்க பாத்ரூம்லேந்து ஒரு வாளி சுடுதண்ணி கொண்டு வந்து வச்சாங்க. பெட்ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்கறது செங்கல் சுவர் இல்ல, பிளைவுட் தடுப்பு, அது கூரை வரைக்கும் போகல, மேல ஒரு சாண் இடைவெளி இருக்கு. ஹால்ல பேசறது உள்ள கேக்கும், லைட் போட்டா வெளிச்சமும் வரும். போட்டோல இது தெரியாது. லேசான தூக்கம் இருக்கறவங்களும் கைக்குழந்தையோட வரவங்களும் யோசிச்சு புக் பண்ணுங்க. மத்தவங்க தாராளமா போகலாம், நான் திரும்பவும் போவேன்."

சுத்தத்துக்கு 5, தகவல் தொடர்புக்கு 5, விவரம் சரியா இருந்துச்சாங்கறதுக்கு 3, மொத்தத்துக்கு 4. இதுல யாரயாவது திட்டியிருக்கேனா? பொய் இருக்கா? அந்த வீட்டு ஆளுங்க பேரு, முகவரி, சொந்த விஷயம் ஏதாவது வெளிய வந்திருக்கா? அப்ப எதுக்கு பொருந்தலன்றீங்க?

அந்த கீசர் வரிய மட்டும் எடுத்துக்கறேன், ஏன்னா நியாயமா ஒரு ரிவ்யூ எழுதறதுனா என்னங்கறது அந்த ஒரு வரில இருக்கு, அதுதான் உங்களுக்கு புரியலனு நினைக்கறேன். என் இடத்துல வேற யாராவது இருந்தா "சுடுதண்ணி வரல, ஏமாத்தறாங்க" னு எழுதிட்டு ஒரு ஸ்டார் தட்டிட்டு போயிருப்பாங்க. அது அந்த ஹோஸ்ட் அக்காவுக்கும் அநியாயம், அடுத்து வரவங்களுக்கும் உதவாது. தண்ணி வரத்தான் செஞ்சுது, சூடாவும் வந்துச்சு, சீக்கிரம் தீந்து போச்சு அவ்ளோதான். ஏன் தீந்துச்சுன்னு கீசர் பக்கவாட்டுல ஒட்டியிருந்த ஸ்டிக்கர பாத்தாலே போதும், 15 லிட்டர், 2 கிலோவாட்னு இருந்துச்சு. டேங்க்ல 60 டிகிரி தண்ணி, குழாயில வரது 20 டிகிரினு வச்சுக்கோங்க, சரிபாதி கலந்தா 40 டிகிரில குளிக்கற தண்ணி மொத்தமே 30 லிட்டர்தான் தேறும். ஷவர்ல நிமிஷத்துக்கு 8லேந்து 10 லிட்டர் போகுது, அப்ப மூணு நிமிஷம் சொச்சம். எடுக்க எடுக்க டேங்க்குள்ள பச்சத்தண்ணி வந்து கலக்கறதால நிஜத்துல அதுக்கும் கம்மிதான். திரும்ப அந்த 15 லிட்டர் 60 டிகிரிக்கு வரணும்னா 2 கிலோவாட் காயிலுக்கு 20 நிமிஷத்துக்கு மேல ஆகும். நாலு பேர்னா நடுவுல மூணு தடவ காத்திருக்கணும், காலைல ஒரு மணி நேரம் இதுலயே போயிடும்.

இந்த கணக்கெல்லாம் ரிவ்யூல போடல, போடவும் தேவையில்ல. ஆனா கணக்கு தெரிஞ்சதாலதான் "15 லிட்டர், 20 நிமிஷம், ரெண்டு பேருக்கு ஓகே, நாலு பேருக்கு கஷ்டம்" னு நாலே துண்டுல சொல்ல முடிஞ்சுது. படிக்கறவங்க அவங்க குடும்பத்துல எத்தன பேர்னு எண்ணி அவங்களே முடிவெடுத்துக்கலாம், நான் நல்லாருக்கு மோசம்னு தீர்ப்பு சொல்லவே வேணாம். ஹோஸ்ட்டுக்கும் இதுல வேலை சுளுவு, புது கீசர் வாங்கணும்னு கூட இல்ல, லிஸ்டிங்ல 24 மணி நேரம்ங்கற வரிய எடுத்துட்டு கீசர் அளவ போட்டா முடிஞ்சுது. "ஏமாத்தறாங்க" னு எழுதினா அவங்க எத சரி பண்ணுவாங்க?

அந்த தடுப்பு விஷயமும் இதே மாதிரிதான். ஹோம்ஸ்டேனா வீட்டுக்காரங்க கூட இருப்பாங்க, பேச்சு சத்தம் இருக்கும், குழந்தைங்க ஓடும், அத குறை சொல்றவங்க ஹோட்டலுக்கு போகணும். அதனால "சத்தமா இருக்கு" னு நான் எழுதல. ஆனா தனி ரூம்னு லிஸ்டிங்ல போட்டுட்டு தடுப்பு கூரைய தொடலங்கறது வேற விஷயம், அது அந்த குடும்பத்தோட நடத்தை இல்ல, கட்டடத்தோட அமைப்பு, அவங்க எவ்ளோ மெதுவா பேசினாலும் கேக்கத்தான் செய்யும். அவங்க நிஜமாவே மெதுவாதான் பேசினாங்க. ராத்திரி யாரோ தண்ணி குடிக்க எழுந்து ஹால் லைட்ட போட்டா என் பக்கத்து சுவர்ல மேல ஒரு பட்டையா வெளிச்சம் விழும், உடனே "அச்சச்சோ" னு ஒரு குரல் கேக்கும், லைட் அணையும். பாவமாத்தான் இருந்துச்சு. போட்டோவ திரும்ப எடுத்து பாத்தேன், வைட் ஆங்கிள்ல மூலைலேந்து எடுத்தது, ரூம் இருக்கறத விட பெருசா தெரியுது, தடுப்போட மேல் விளிம்பு ஃப்ரேமுக்கு வெளிய போயிடுச்சு. வேணும்னே வெட்டினாங்களா, கட்டில் முழுசா தெரியட்டும்னு எடுத்ததுல போச்சானு எனக்கு தெரியாது. தெரியாதத எழுதக்கூடாதுனுதான் "மறைச்சிருக்காங்க" னு எழுதாம "போட்டோல இது தெரியாது" னு எழுதினேன். அந்த வித்தியாசம் உங்க பிரிவுல யாருக்காவது கண்ணுல பட்டுச்சா?

எழுதாம விட்டதும் இருக்கு. பாத்ரூம் தாழ்ப்பாள் சரியா விழல, சொன்னதும் அரை மணி நேரத்துல அந்த அக்காவோட வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரோட வந்து மாட்டி குடுத்துட்டு போனார். சரி பண்ணிட்ட ஒரு விஷயத்த ரிவ்யூல எழுதினா அது அங்கயே வருஷக்கணக்கா நிக்கும், படிக்கறவங்க இன்னும் உடைஞ்சேதான் கிடக்குதுனு நினைப்பாங்க, அதனால அத ஹோஸ்ட்டுக்கு மட்டும் போற குறிப்புல நன்றினு எழுதினேன். அதுவே கதவு பூட்டே இல்லனா, ரூம்ல கேமரா இருந்தா, காத்து போக வழியில்லாத பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் மாட்டியிருந்தா அப்ப கணக்கு வேற. கேஸ் கீசர்லேந்து வர கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடின பாத்ரூம்ல ஆள் மயங்கி விழுந்தே செத்துப் போகலாம். அந்த மாதிரி இருந்தா ஊருக்கு கிளம்பி போய் ரிவ்யூ எழுதற வரைக்கும் காத்திருக்காம அப்பவே உங்களுக்கு புகார் பண்ணியிருப்பேன், அது ஸ்டார் போட்டு மதிப்பிடற விஷயமே இல்ல. தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த குடும்பம் பேசிக்கிட்டது என் காதுல விழுந்துச்சு, அது அவங்க சொந்த விஷயம், அதுல ஒரு வார்த்தை கூட ரிவ்யூக்குள்ள வரல. இவ்ளோ வடிகட்டி எழுதினததான் நீங்க ஒரு கிளிக்ல எடுத்திருக்கீங்க.

இப்ப என்ன நடந்துச்சுனு சொல்றேன், ஏன்னா உங்க பங்கு அங்கதான் வருது. ரிவ்யூ வெளியான மறுநாள் அந்த அக்காகிட்டேந்து மெசேஜ் வந்துச்சு, எடுத்துடுங்க, ஒரு நாள் வாடகைய திருப்பி அனுப்பிடறேன், இல்லனா நல்ல ஹோஸ்ட்னு தளம் குடுத்த என் பேட்ஜ் போயிடும்னு. நான் முடியாதுனு சொன்னேன், பணமும் வேணாம், எழுதினதுல எது தப்புனு சொல்லுங்க மாத்தறேன்னு சொன்னேன். தப்புனு எதுவும் சொல்லல, அதுக்கப்புறம் உங்ககிட்ட புகார் போச்சு, ரிவ்யூ காணாம போச்சு. அவங்க மேல எனக்கு கோவம் வரல, ஏன் அப்படி கேட்டாங்கனு கணக்கு போட்டு பாத்தா தெரியும்.

உங்க பேட்ஜுக்கு சராசரி 4.8 இருக்கணும். ஒரு கெஸ்ட் 4 போட்டுட்டா அத ஈடு கட்டி 4.8க்கு வர நாலு பேர் முழு 5 போடணும். யாராவது 3 போட்டா ஒன்பது பேர் 5 போடணும். ஒருத்தர் 1 போட்டுட்டா பத்தொன்பது பேர். பெரிய லாட்ஜுக்கு இது ஒண்ணுமே இல்ல, ஒரே ஒரு ரூம் வச்சு வாரக்கடைசில மட்டும் கெஸ்ட் வர ஒரு வீட்டுக்கு பத்தொன்பது பேர் வர எவ்ளோ மாசம் ஆகும்னு நீங்களே சொல்லுங்க. ஆனா அந்த 4 ஸ்டார் மேல விரல வச்சா கெஸ்ட்டுக்கு நீங்க காட்டற வார்த்தை "நன்று". நான் நன்றுனு நினைச்சுதான் 4 போட்டேன், உங்க கம்ப்யூட்டர் அத ஃபெயில்னு எடுத்துக்குது. எனக்கு ஒரு அர்த்தம், ஹோஸ்ட்டுக்கு இன்னொரு அர்த்தம்னு ஒரே ஸ்டார வித்துட்டு நடுவுல எங்க ரெண்டு பேரயும் மோத விடறீங்க.

இதோட விளைவு புதுசும் இல்ல. உங்க போட்டி தளமான ஏர்பிஎன்பில இருக்கற வீடுகள 2015ல பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினப்ப கிட்டத்தட்ட 95 சதவீதம் வீடுங்களோட சராசரி 4.5 இல்லனா 5 ஸ்டார்ல இருந்துச்சு. எல்லாமே 4.5க்கு மேலனா ஸ்டார பாத்து யாரும் எதயும் தேர்ந்தெடுக்க முடியாது, அப்ப மிச்சம் இருக்கற ஒரே தகவல் எழுத்துல இருக்கறது மட்டும்தான். "அருமையான இடம், அன்பான மனிதர்கள்" னு இருபது ரிவ்யூ கிடந்தாலும் கீசர் எத்தன லிட்டர்னு அதுல இருக்காது. அத சொன்ன ஒரே ரிவ்யூவ நீங்க எடுத்துட்டீங்க.

சரி, கொள்கைனு சொல்றீங்களே, அந்த கொள்கை எல்லாருக்கும் ஒண்ணா இருக்கானு அதே லிஸ்டிங்ல கீழ போய் பாத்தேன். ஒரு ஸ்டார் ரிவ்யூ ஒண்ணு இன்னும் அங்கயே உக்காந்திருக்கு, முழு நாளும் மழை, வழில ட்ராஃபிக், எங்கயும் சுத்த முடியல, பணம் வேஸ்ட்டுனு. மழைக்கு அந்த அக்கா என்ன பண்ணுவாங்க? அத எடுக்கச் சொல்லி அவங்க கேட்டாங்களா இல்லயானு எனக்கு தெரியாது, ஆனா ஹோஸ்ட்டுக்கு உண்மையிலயே அநியாயம் பண்ற ரிவ்யூ உங்க கொள்கைக்கு பொருந்துது, நியாயமா எழுதினது பொருந்தல. பத்தொன்பது கெஸ்ட் வந்து ஈடு கட்ட வேண்டிய அந்த ஒரு ஸ்டார நிக்க விட்டுட்டு நாலு பேர்ல ஈடு கட்டற என் 4ஐ எடுத்து யார காப்பாத்தினீங்க?

அந்த அக்காவயும் காப்பாத்தல. என் ரிவ்யூ அங்க இருந்திருந்தா கைக்குழந்தையோட வரவங்க அத படிச்சுட்டு வேற வீடு பாத்திருப்பாங்க, ரெண்டு பேரா வரவங்க கீசர் பத்தி தெரிஞ்சுக்கிட்டே வந்திருப்பாங்க, வந்தவங்களுக்கு ஏமாத்தம் இருந்திருக்காது. இப்ப லிஸ்டிங் மாறல, போட்டோ மாறல, ரிவ்யூவும் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு குழந்தை அழுதா அந்த ஒரு சாண் இடைவெளி வழியா மொத்த வீடும் முழிச்சுக்கும், காலைல நாலு பேர் கீசருக்கு வரிசைல நிப்பாங்க, அவங்க போடப்போறது 2 ஸ்டாரா இருந்தா அத ஈடு கட்ட பதினாலு பேர் வேணும். கசப்பா இருக்குனு மருந்த தூக்கிப் போட்டுட்டு நோயாளிய காப்பாத்திட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கு நீங்க பண்ணினது.

ஆன்லைன் ரிவ்யூவ எப்படி வாங்கணும், எப்படி சரிபாக்கணும், எப்படி வெளியிடணும்னு ஐஎஸ்ஓ 20488னு ஒரு சர்வதேச தரநிலை 2018லயே வந்திருக்கு. கெஸ்ட்ட நம்பி எதயும் செய்யச் சொல்லல, ஏற்கனவே எழுதி வச்ச வழிமுறை இருக்கு, எடுத்து படிக்கற வேலைதான் பாக்கி.

நான் கேக்கறது இதுதான்.

என் ரிவ்யூவ அப்படியே திரும்ப போடுங்க. போட முடியாதுனா எந்த வாக்கியம் எந்த விதிக்கு எதிரா இருக்குனு அந்த வாக்கியத்த காட்டி சொல்லுங்க, அத மட்டும் மாத்தி குடுக்கறேன். இனிமே யாரோட ரிவ்யூவ எடுத்தாலும் எடுக்கறதுக்கு முன்னாடி எழுதினவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, விதியோட பேர சொல்லி கேளுங்க.

ஹோஸ்ட்டுக்கு புகார்ங்கற பட்டனுக்கு முன்னாடி பதில்ங்கற பட்டன காட்டுங்க. அந்த அக்கா "கீசர் அளவ லிஸ்டிங்ல சேத்துட்டேன், தடுப்பு தெரியற மாதிரி புது போட்டோ போட்டிருக்கேன்" னு ரெண்டு வரி எழுதினா அது என் ரிவ்யூக்கு நேர் கீழ, தேதியோட நிக்கணும். மாத்தினத நீங்க லிஸ்டிங்ல சரிபாத்துட்டா அந்த விவரத்துக்காக நான் குடுத்த 3ஐ சராசரிலேந்து எடுத்துடுங்க, எழுத்து மட்டும் இருக்கட்டும், எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல.

ரிவ்யூவ எடுத்தா பணம் தரேங்கறத தெளிவா தடை பண்ணுங்க, செக் இன் மெசேஜ் போற மாதிரி ரெண்டு பக்கத்துக்கும் இது முன்னாடியே போகட்டும். நல்ல ரிவ்யூ போடறேன் டிஸ்கவுன்ட் குடுங்கனு கேக்கற கெஸ்ட்டுக்கும் அதே தடை. குறை இருந்து பணம் திருப்பி தரணும்னா தரட்டும், அதுக்கும் ரிவ்யூக்கும் முடிச்சு போடக்கூடாது. முதல் தடவ கேட்ட ஹோஸ்ட்ட தண்டிக்காதீங்க, சொல்லிக் குடுங்க. அந்த அக்கா மேல இத வச்சு எந்த நடவடிக்கையும் எடுக்கக்கூடாதுனும் சேத்தே கேக்கறேன்.

ஸ்டார் போடற இடத்துல 4க்கு பக்கத்துல உங்க கணக்குல அது என்ன ஆகும்னு எழுதுங்க, இல்லனா 4ஐ நன்றுனே கணக்கு பண்ணற மாதிரி பேட்ஜ் அளவ மாத்துங்க, ரெண்டுல ஒண்ணு. மழைக்கும் ட்ராஃபிக்குக்கும் போட்ட அந்த ஒரு ஸ்டார சராசரிலேந்து எடுங்க.

ரிவ்யூ எழுத கெஸ்ட்டுக்கு நீங்க குடுக்கறது 14 நாள். இதுக்கு பதில் சொல்லவும் அதே 14 நாள் எடுத்துக்கோங்க, ஆனா அந்த ஒத்த வரிய திரும்ப அனுப்பாதீங்க.